திருத்திய பின்னும் திரும்பி வரும் பழைய முகவரி: அவுட்லுக்கின் பரிந்துரைப் பட்டியல் இயங்கும் விதம்

ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் வேலையை விட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அஞ்சல் பெட்டி நீக்கப்படுகிறது. ஓராண்டு கழித்து அவரே அதே வேலைக்குத் திரும்பி வருகிறார். நிர்வாகியும் அதே பெயரில், முன்பிருந்த kayal@example.com என்ற அதே முகவரியில் புதிய பெட்டி ஒன்றைத் திறந்து கொடுக்கிறார். வங்கியும் வாடிக்கையாளர்களும் அனுப்பும் மின்னஞ்சல்கள் தவறாமல் வந்து சேர்கின்றன. பக்கத்து மேசையில் இருப்பவர் அனுப்புவது மட்டும் சேருவதில்லை. அத்தகைய முகவரியே இல்லை என்ற அறிவிப்புடன் சில நொடிகளில் அவரிடமே திரும்பிவிடுகிறது. அனுப்பியவர் எழுத்துக்கு எழுத்து சரிபார்க்கிறார். முகவரியில் பிழை எதுவும் இல்லை. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அதே முகவரிக்கு அனுப்பிப் பார்த்தால் உடனே போய்ச் சேருகிறது.

நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரையும் அவுட்லுக் மென்பொருளையும் பயன்படுத்தும் நிறுவனங்களில் இது அடிக்கடி நேரும் குழப்பம். புதியவர் அனுப்புவது போகிறது, பழையவர்கள் அனுப்புவது போகவில்லை என்ற அந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பழையவர்கள் திரும்பி வந்தவருக்கு முன்பே பலமுறை எழுதியவர்கள். அவர்களுடைய அவுட்லுக்கில் அவரைப் பற்றிய பழைய பதிவு ஒன்று இருக்கிறது. புதியவரிடம் அப்படி எதுவும் இல்லை.

பெறுநருக்கான கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் கீழே விரியும் பெயர்களை முகவரிப் புத்தகத்தின் ஒரு பகுதி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அவை முகவரிப் புத்தகத்திலிருந்து வருபவை அல்ல. நாம் இதுவரை யார் யாருக்கு எழுதினோம் என்பதை அவுட்லுக் தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும் தனிப் பட்டியல் அது. ஒருவருக்கு முதல் முறை மின்னஞ்சல் அனுப்பும்போது அவருடைய பெயரும் முகவரியும் அப்போது எப்படி இருந்தனவோ அப்படியே நகலெடுக்கப்பட்டு அதில் சேர்கின்றன. அதன்பின் முகவரிப் புத்தகத்தில் நாம் என்ன மாற்றம் செய்தாலும் இந்த நகல் மாறாது. நண்பர் நிறுவனம் மாறியதும் தொடர்புகள் பகுதிக்குப் போய் அவருடைய முகவரியைக் கவனமாகத் திருத்திவிட்டு, அடுத்த நாளே பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டுத் திகைப்பவர்கள் இதை அறியாதவர்கள்தான். திருத்தப்பட்ட இடம் ஒன்று, அவுட்லுக் முதலில் பார்க்கும் இடம் வேறொன்று.

பெயர்கள் அகரவரிசையில் வருவதில்லை என்பதையும் கவனித்திருக்கலாம். யாருக்கு அதிகமாக எழுதுகிறோமோ அவருடைய பதிவுக்கு மதிப்பு ஏறுகிறது. எழுதாமல் விட்டவருடையது நாளடைவில் இறங்குகிறது. பட்டியலில் வழக்கமாக 1000 பதிவுகள் வரை இடமுண்டு. நிரம்பிய பிறகு மதிப்புக் குறைந்தவை விழுந்து புதியவற்றுக்கு இடம்விடும். ஐந்தாண்டுகள் வாரந்தோறும் எழுதிய பழைய முகவரி உச்சியில் இருக்க, நேற்றுச் சேர்ந்த புதிய முகவரி அதற்குக் கீழேதான் வந்து நிற்கும். புதியதைப் பயன்படுத்தத் தொடங்கினால் பழையது தானாக மறைந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லாததற்கு இதுவே காரணம். அது மறைவதற்கு வெகுகாலம் ஆகும். அதற்குள் கை பழக்கத்தில் Enter விசையை எத்தனை முறை தட்டும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. அவுட்லுக் 2007 வரை அது கணினியில் .nk2 என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பாக இருந்தது. கணினியை மாற்றினால் கோப்பையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எடுக்கத் தவறியவர்கள் எல்லா முகவரிகளும் தொலைந்துவிட்டதாகப் புலம்புவார்கள். 2010 பதிப்பிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கணக்கு உள்ளவர்களுக்கு இது அஞ்சல் பெட்டிக்குள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு மறை அஞ்சலாகச் சேமிக்கப்படுகிறது. அதன் உள்ளூர் நகல் கணினியில் RoamCache என்ற கோப்புறையில் Stream_Autocomplete என்று தொடங்கும் பெயருடைய கோப்பில் இருக்கும். ஆகவே புதிய கணினியில் கணக்கைத் திறந்தாலும் பழைய பரிந்துரைகள் பின்னாலேயே வந்து சேரும். முன்பு கணினியை மாற்றும்போது தவறான பதிவுகளும் தாமாகவே ஒழிந்துபோயின. இப்போது அந்த வசதி இல்லை.

## ஒரே முகவரி, இரண்டு அடையாளங்கள்

திரும்பி வந்த ஊழியரின் கதைக்கு வருவோம். முகவரி மாறவே இல்லையே, பிறகு பழைய பதிவில் பழையதாக இருப்பது எது?

எக்ஸ்சேஞ்ச் அமைப்புக்குள் ஒருவருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று வெளியுலகம் அறிந்த, @ குறியுடன் எழுதும் மின்னஞ்சல் முகவரி. மற்றொன்று சர்வர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒவ்வொரு பெட்டிக்கும் கொடுக்கும் உள் முகவரி. X.500 என்ற பழைய டைரக்டரி நெறிமுறையின் பாணியில் எழுதப்படும் இது, எக்ஸ்சேஞ்ச் தொடங்கிய காலத்திலிருந்தே இருந்துவருகிறது. நிர்வாகிகள் இதை legacyExchangeDN என்ற பண்பின் பெயரால் அறிவார்கள். பார்ப்பதற்கு இப்படி இருக்கும்:

```
/o=ExchangeLabs/ou=Exchange Administrative Group (FYDIBOHF23SPDLT)/cn=Recipients/cn=7c1e4b90-kayal
```

நடுவில் உள்ள FYDIBOHF23SPDLT என்ற எழுத்துக் குவியலைக் கண்டு பலரும் ஏதோ கெட்டுப்போன தரவு என்று அஞ்சுவதுண்டு. ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் ஒரு படி பின்னோக்கி நகர்த்தினால் EXCHANGE12ROCKS என்று வரும். எக்ஸ்சேஞ்ச் 2007 உருவானபோது அதன் பதிப்பு எண் 12. அதை எழுதிய பொறியாளர்கள் விட்டுச்சென்ற குறும்பு இன்றும் உலகெங்கும் உள்ள அலுவலகங்களின் பிழை அறிவிப்புகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து வரும் மின்னஞ்சலுக்கு இந்த உள் முகவரி தெரியாது. அது @ குறியுள்ள முகவரியை மட்டுமே நம்பி வந்து, அந்த முகவரி இன்று எந்தப் பெட்டிக்கு உரியதோ அதில் சேர்ந்துவிடும். அதே நிறுவனத்தின் சக ஊழியர் ஒருவர் அவுட்லுக்கிலிருந்து எழுதும்போது நடப்பது வேறு. அவர் பெயரைத் தேர்ந்தவுடன் அவுட்லுக் உள் முகவரியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பரிந்துரைப் பட்டியலில் நகலாகச் சேர்வதும் அதுவே. திரையில் தெரிவது பெயர் மட்டும். பழைய பெட்டி நீக்கப்பட்டபோது அதன் உள் முகவரியும் மறைந்தது. புதிய பெட்டி திறக்கப்பட்டபோது அதற்கு வேறொரு உள் முகவரி கிடைத்தது. பழைய சக ஊழியரின் பட்டியலோ மறைந்துபோன முகவரியையே இன்னும் வைத்திருக்கிறது. அதனால்தான் அவர் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தும் பிழை கிடைக்கவில்லை. அவர் பார்த்த முகவரியும் அவுட்லுக் அனுப்பிய முகவரியும் வெவ்வேறு.

ஊழியர் விலகித் திரும்பினால்தான் இது நேரும் என்பதில்லை. நிறுவனம் ஒரு எக்ஸ்சேஞ்ச் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும், இரண்டு நிறுவனங்கள் இணைந்து அஞ்சல் பெட்டிகள் புதிதாக உருவாக்கப்படும்போதும் இதே சிக்கல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைத் தாக்கும். பெட்டிகளை இடம் மாற்றிய திங்கட்கிழமை காலையில் உதவி மையத்தின் தொலைபேசி ஓயாமல் ஒலிப்பதற்கு, மாற்றம் செய்தவர்கள் பழைய உள் முகவரிகளைக் கூடவே எடுத்துவர மறந்தது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

## திரும்பி வந்த அறிவிப்பைப் படித்தல்

திரும்பி வரும் அறிவிப்பின் மேல்பகுதியைப் பயனர்கள் படிப்பதுண்டு. பயன் தருவது கீழே, நிர்வாகிகளுக்கான தகவல் என்ற தலைப்பில் வரும் பகுதி. அங்கே IMCEAEX என்று தொடங்கும் நீண்ட முகவரி ஒன்றும், RESOLVER.ADR.ExRecipNotFound என்ற சொற்றொடரும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. அனுப்பப்பட்டது செத்துப்போன உள் முகவரி. நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
IMCEAEX-_O=EXCHANGELABS_OU=EXCHANGE+20ADMINISTRATIVE+20GROUP+20+28FYDIBOHF23SPDLT+29_CN=RECIPIENTS_CN=7C1E4B90-KAYAL@example.com
```

இது முன்பு கண்ட உள் முகவரியின் வேடமிட்ட வடிவம். மின்னஞ்சல் முகவரியில் சாய்கோட்டையும் இடைவெளியையும் அடைப்புக்குறியையும் அப்படியே எழுத இயலாததால் சர்வர் அவற்றை மாற்றி எழுதுகிறது. சாய்கோடு அடிக்கோடாகிறது. மற்ற சிறப்புக் குறிகள் கூட்டல் குறியும் அந்தக் குறிக்குரிய பதினறும எண்ணும் ஆகின்றன. இடைவெளி +20, திறப்பு அடைப்புக்குறி +28, மூடும் அடைப்புக்குறி +29, புள்ளி இருந்தால் +2E. தொடக்கத்தில் உள்ள IMCEAEX- என்பதையும் இறுதியில் @ குறியிலிருந்து உள்ள பகுதியையும் நீக்கிவிட்டு, மற்றவற்றை மேற்சொன்னபடி திருப்பி எழுதினால் பழைய உள் முகவரி கையில் கிடைத்துவிடும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இடைவெளி ஒன்றை விட்டுவிட்டாலோ, அடிக்கோடு ஒன்றைச் சாய்கோடாக மாற்றத் தவறினாலோ பலன் கிடைக்காது; பலரும் சறுக்குவது +20, +28 இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில்.

இப்படிப் பெற்ற முகவரியைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு முன், பயனர் தம் பக்கத்தில் செய்யக்கூடியதைப் பார்த்துவிடலாம். புதிய அஞ்சலைத் திறந்து பெறுநர் கட்டத்தில் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்ட வேண்டும். பரிந்துரை விரிந்ததும் அந்தப் பெயரின் வலப்பக்கத்தில் தோன்றும் X குறியைச் சொடுக்கினால் அந்த ஒரு பதிவு மட்டும் நீங்கிவிடும். கீழ் அம்பு விசையால் பெயருக்கு நகர்ந்து Delete விசையை அழுத்தினாலும் அதுவே நடக்கும். பிறகு நிறுவனத்தின் முகவரிப் புத்தகத்தைத் திறந்து அங்கிருந்து அவருடைய பெயரைத் தேர்ந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் சரியான உள் முகவரி புதிதாகப் பதிவாகும்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. பழைய பதிவை நீக்காமல், முழு முகவரியையும் கையால் தட்டச்சு செய்தால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். தட்டும்போதே பரிந்துரை விரிந்து பழைய பதிவு தேர்வான நிலையில் நிற்கும். Tab அல்லது Enter அழுத்தியவுடன் தட்டியது போய்ப் பழையதே அங்கே அமர்ந்துவிடும். சோதித்துப் பார்த்தேன், அப்போதும் திரும்பிவிட்டது என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பதிவை நீக்கிய பிறகு சோதித்தீர்களா என்பதுதான்.

இன்னொரு தடை, முகவரிப் புத்தகத்தின் உள்ளூர் நகல். கணினியில் அஞ்சல்களைச் சேமித்து வைத்து இயங்கும் நிலையில் அவுட்லுக் நிறுவன முகவரிப் புத்தகத்தையும் இறக்கி வைத்துக்கொள்கிறது; அதைப் பொதுவாக ஒரு நாளுக்கு ஒருமுறை மட்டுமே புதுப்பிக்கிறது. நேற்று மாலை திறக்கப்பட்ட பெட்டி இன்று காலை அதில் இல்லாமலும் போகலாம், பழைய விவரத்துடனும் இருக்கலாம். அத்தகைய வேளையில் உலாவியில் இணைய அவுட்லுக்கைத் திறந்து அங்குள்ள முகவரிப் புத்தகத்திலிருந்து அனுப்பிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. அது சர்வரின் நடப்பு விவரத்தை நேராகப் பார்க்கிறது.

## முழுப் பட்டியலையும் காலி செய்வது

கணினியில் நிறுவும் பழைய வகையான மரபு அவுட்லுக்கில் File, Options, Mail என்ற வழியில் சென்றால் Send messages என்ற பகுதியில் Empty Auto-Complete List என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் முழுவதும் அழியும். அவுட்லுக்கை மூடிவிட்டு Run பெட்டியில் கீழ்க்கண்டவாறு தட்டினாலும் அதே விளைவுதான்:

```
outlook.exe /cleanautocompletecache
```

உதவி மையங்கள் முதலில் சொல்லும் தீர்வு இதுவாகவே இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் இது தேவையற்றது என்பதே என் கருத்து. பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஆயிரம் பதிவுகளில் கெட்டுப்போனது ஒன்றோ இரண்டோதான். மற்ற முகவரிகளில் பல வேறெங்கும் சேமிக்கப்படாதவை; எப்போதோ ஒருமுறை எழுதிய வழக்கறிஞர், வெளியூர் முகவர், அரசு அலுவலகத்தின் பொது முகவரி போன்றவை. பொத்தானை அழுத்திய பிறகு அவற்றை மீட்க அவுட்லுக்கில் வழி கிடையாது; அனுப்பிய அஞ்சல்களின் கோப்புறையில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். பட்டியலே சிதைந்து, நீக்கிய பெயர்கள் மீண்டும் மீண்டும் தோன்றினாலோ பரிந்துரையே வராமல் நின்றாலோ மட்டும் முழுவதையும் காலி செய்வதில் நியாயம் உண்டு.

நீக்குவது, காலி செய்வது என்ற இரண்டைத் தவிர பதிவைத் திருத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுக்கவில்லை. ஒருவருடைய பெயர் தவறான எழுத்துக்கூட்டலுடன் பதிவாகிவிட்டால் அதை அங்கேயே சரிசெய்ய முடியாது. நீக்கிவிட்டுச் சரியான வடிவில் மறுபடி அனுப்பித்தான் புதுப்பிக்க முடியும். நிர்வாகிகள் இதற்கு நிர்சாஃப்ட் வெளியிடும் NK2Edit என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பெயருக்கு ஏற்றபடி முதலில் பழைய .nk2 கோப்புகளுக்காக எழுதப்பட்டது. பின்னர் வந்த பதிப்புகளின் சேமிப்பையும் அது திறக்கும். பதிவுகளைப் பட்டியலாகப் பார்க்கவும், ஒவ்வொன்றின் பின்னாலும் மறைந்திருப்பது எந்த வகை முகவரி என்று அறியவும், திருத்தவும் முடியும். தொடங்கும் முன் அவுட்லுக்கை முழுமையாக மூடியிருக்க வேண்டும்; திறந்திருந்தால் அது மூடப்படும்போது தன் நினைவில் உள்ள பழைய பட்டியலையே மேலே எழுதிவிடும்.

காலி செய்ததும் எல்லா இடங்களிலும் காலியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இணைய அவுட்லுக் தன் பரிந்துரைகளைத் தனியே வைத்திருப்பதால், மேசைக் கணினியில் நீக்கிய பெயர் உலாவியில் தொடர்ந்து தோன்றக்கூடும். கைப்பேசியின் அஞ்சல் செயலிக்குத் தனி நினைவு. எங்கெல்லாம் பழைய பெயர் தலைகாட்டுகிறதோ அங்கெல்லாம் தனித்தனியாகத்தான் நீக்க வேண்டும்.

## நிர்வாகி செய்ய வேண்டியது

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பரிந்துரைப் பட்டியலை எவ்வளவு சுத்தமாகத் துடைத்தாலும் செத்துப்போன உள் முகவரி வேறு இரண்டு இடங்களில் உயிரோடு இருக்கும். ஓராண்டுக்கு முன் அந்த ஊழியர் எழுதிய அஞ்சலைத் திறந்து Reply அழுத்தினால், அந்த அஞ்சலில் பதிந்துள்ள பழைய உள் முகவரிக்கே பதில் போகும். பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் பங்கேற்ற தொடர் கூட்டங்களின் நாட்காட்டி அழைப்புகளிலும் அதே முகவரி பதிந்திருக்கும். கூட்டத்தின் நேரத்தை மாற்றியவுடன் அவருக்கான அறிவிப்பு திரும்பி வரும். பட்டியலைக் காலி செய்த பிறகும் சிக்கல் தீரவில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இந்த இரண்டைச் சேர்ந்தது.

இவை மூன்றுக்கும் ஒரே மருந்து, பழைய உள் முகவரியைப் புதிய பெட்டிக்குக் கூடுதல் முகவரியாகச் சேர்த்துவிடுவது. திரும்பி வந்த அறிவிப்பிலிருந்து மீட்டெடுத்த முகவரியின் முன்னால் X500: என்று சேர்த்து, எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல்லில் இவ்வாறு கொடுத்தால் போதும்:

```
Set-Mailbox kayal@example.com -EmailAddresses @{Add="X500:/o=ExchangeLabs/ou=Exchange Administrative Group (FYDIBOHF23SPDLT)/cn=Recipients/cn=7c1e4b90-kayal"}
```

அதன்பின் பழைய முகவரிக்கு யார் எங்கிருந்து எழுதினாலும் சர்வர் அதைப் புதிய பெட்டியில் சேர்த்துவிடும். எந்த ஊழியரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை; பட்டியலில் உள்ள பழைய பதிவும் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். நிறுவனத்தின் சொந்த ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து விவரங்கள் மேகக் கணக்குக்கு ஒத்திசைக்கப்படும் அமைப்பாக இருந்தால், மேகத்தில் மாற்றம் செய்யப் பொதுவாக அனுமதி கிடைக்காது. உள்ளூர் டைரக்டரியில் அந்தப் பயனரின் proxyAddresses பண்பில் இதைச் சேர்த்துவிட்டு ஒத்திசைவு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே எல்லா ஊழியர்களும் தங்கள் பட்டியலைக் காலி செய்துகொள்ளவும் என்று சுற்றறிக்கை அனுப்பும் நிர்வாகி, ஒரே ஒரு வரியில் சர்வரில் முடித்திருக்க வேண்டிய வேலையை இருநூறு பேரின் தலையில் ஏற்றுகிறார். அவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த முகவரிகளையும் இழக்கிறார்கள், பழைய அஞ்சல்களுக்குப் பதில் எழுதும்போது அதே பிழையை மீண்டும் சந்திக்கவும் செய்கிறார்கள். பெட்டியை நீக்கும்போதே அதன் உள் முகவரியைக் குறித்து வைப்பது இன்னும் எளிது. மேக எக்ஸ்சேஞ்சில் நீக்கப்பட்ட பெட்டி வழக்கமாக 30 நாட்கள் மீட்கக்கூடிய நிலையில் இருக்கும். அதற்குள் ஊழியர் திரும்பினால் புதியது உருவாக்காமல் பழையதையே மீட்பது எல்லாவற்றினும் சிறந்தது, ஏனெனில் அப்போது உள் முகவரியும் பழையதாகவே இருக்கும்.

## திரும்பி வராத தவறு

இதுவரை பார்த்தவை திரும்பி வந்து தம்மைக் காட்டிக்கொடுக்கும் பிழைகள். வெளியாட்களின் முகவரிகள் பட்டியலில் @ குறியுள்ள வடிவிலேயே பதிவாவதால் அங்கே இந்த உள் முகவரிச் சிக்கல் கிடையாது. அங்குள்ள ஆபத்து வேறு: மின்னஞ்சல் எந்த முணுமுணுப்பும் இன்றித் தவறானவரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜி20 மாநாடு நடப்பதற்குச் சில நாட்கள் முன், அந்நாட்டுக் குடிவரவுத் துறை ஊழியர் ஒருவர் மாநாட்டுக்கு வரவிருந்த 31 உலகத் தலைவர்களின் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், விசா விவரம் ஆகியவற்றை ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டார். ஒபாமா, புதின், மெர்க்கல், மோடி ஆகியோரின் விவரங்களும் அதில் இருந்தன. பெறுநர் கட்டத்தில் அவுட்லுக் தானாக நிரப்பிய பெயர் சரியானதுதானா என்று ஊழியர் பார்க்கத் தவறியதே காரணம் என்று துறை எழுதிய கடிதம், 2015 மார்ச்சில் கார்டியன் நாளிதழ் வழியாக வெளியே வந்தது. பெற்றவர் அஞ்சலை அழித்துவிட்டதாகவும், தலைவர்களுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை என்றும் துறை கருதியது.

அந்த ஊழியரின் பட்டியலில் இருந்தது பழைய முகவரியோ சிதைந்த முகவரியோ அல்ல. முற்றிலும் செல்லுபடியாகும், ஆனால் வேறொருவருடைய முகவரி. பட்டியலைத் துடைப்பதால் இதைத் தடுத்திருக்க முடியாது. ஒரே எழுத்துகளில் தொடங்கும் இருவருக்கு எழுதுபவரின் பட்டியலில் இருவரும் மறுபடி ஏறிவிடுவார்கள். இத்தகைய பணியிடங்களில் பரிந்துரையையே நிறுத்திவைப்பதற்கு இடமுண்டு. முன்பு சொன்ன அதே Send messages பகுதியில் Use Auto-Complete List என்று தொடங்கும் வரியின் தேர்வுக்குறியை எடுத்துவிட்டால் பட்டியல் அழியாமல் பரிந்துரை மட்டும் நின்றுவிடும். ஆனால் ஒவ்வொரு முகவரியையும் கையால் தட்டுபவர் வேறு வகைப் பிழை செய்வார். ஓர் எழுத்து மாறிய முகவரியும் உலகில் யாரோ ஒருவருடையதாக இருக்கக்கூடும். மருத்துவ ஆவணங்களையோ ஊதிய விவரங்களையோ அன்றாடம் அனுப்பும் சிலருக்கு மட்டும் பரிந்துரையை நிறுத்துவது பொருத்தம். எல்லோருக்கும் நிறுத்துவது அல்ல.

மற்ற மென்பொருள்களில் உள் முகவரி என்ற சிக்கல் இல்லாததால் வேலை எளிது; தேட வேண்டிய இடம் மட்டும் வேறு. ஜிமெயிலில் பரிந்துரைக்கென்று தனிப் பட்டியல் இல்லை. நாம் எழுதியவர்கள் கூகுள் தொடர்புகளில் Other contacts என்ற பிரிவில் தானாகச் சேர்கிறார்கள். பழைய முகவரியை அங்கே போய் நீக்க வேண்டும். இனிமேல் தானாகச் சேரக் கூடாது என்றால் ஜிமெயில் அமைப்புகளில் Create contacts for auto-complete என்ற இடத்தில் I'll add contacts myself என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். மேக் கணினியின் மெயில் செயலியில் Window பட்டியில் Previous Recipients என்பதைத் திறந்தால் எழுதிய எல்லா முகவரிகளும் தெரியும். தேவையற்றதைத் தேர்ந்து Remove From List கொடுக்கலாம். தண்டர்பேர்டில் இவை Collected Addresses என்ற முகவரிப் புத்தகத்தில் வெளிப்படையாகவே இருக்கின்றன. இவற்றுள் நேரடியாகத் திருத்தவும் முடிவது அங்கேதான்.

தவறானவருக்குப் போவதைக் குறைக்க அவுட்லுக்கிலேயே இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. பெறுநர்களில் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர் இருந்தால் அனுப்பும் முன் மேலே எச்சரிக்கை வரி ஒன்றைக் காட்டும் வசதி எக்ஸ்சேஞ்சில் உண்டு. அது இயல்பாக அணைந்தே இருக்கும், நிர்வாகி இவ்வாறு இயக்க வேண்டும்:

```
Set-OrganizationConfig -MailTipsExternalRecipientsTipsEnabled $true
```

நாள் முழுவதும் வெளியாட்களுக்கே எழுதுபவருக்கு அந்த வரி ஒரு வாரத்தில் கண்ணில் படாமல் போய்விடும் என்பதும், ஒரு வெளியாளுக்குப் பதில் இன்னொரு வெளியாளைத் தேர்ந்தால் அது உதவாது என்பதும் அதன் குறைகள். இரண்டாவது, மரபு அவுட்லுக்கில் விதி ஒன்றை அமைத்து எல்லா அஞ்சல்களையும் Outbox கோப்புறையில் சில நிமிடங்கள் நிறுத்திவைப்பது. 120 நிமிடங்கள் வரை தாமதிக்க இடமுண்டு, இரண்டு நிமிடங்களே பெரும்பாலும் போதும். அனுப்பு என்பதை அழுத்திய மறுகணமே பெயரைக் கவனித்துத் திடுக்கிடுபவர்கள்தான் அதிகம் என்பதால், அஞ்சலைத் திரும்ப எடுத்துப் பெறுநரை மாற்றவும், கையோடு அந்தத் தவறான பதிவை X குறியால் நீக்கவும் அந்த இடைவெளி உதவும்.